வாசலில் தடுப்பு, ஐந்தாம் தேதி வாடகை

வடபழனியிலிருந்து போரூர் வரை ஆற்காடு சாலையில் அண்மை ஆண்டுகளில் போய்வந்தவர்களுக்கு அந்தத் தகரத் தடுப்புகளைப் பற்றி விளக்கத் தேவையில்லை. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் பாதை இந்தச் சாலையின் மேல்தான் போகிறது. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் பாதையும் வளசரவாக்கம் பக்கம் வந்து இதோடு சேர்ந்துகொள்ள, ஒரே தூணில் மேலும் கீழுமாக இரண்டு ரயில் தடங்கள் என்று கட்டுமானம் எழுந்தது. சாலையின் நடுப்பகுதி தூண்களுக்குப் போனது. மிச்சமிருந்த இடத்தில் பேருந்து, லாரி, ஆட்டோ எல்லாம் நெருக்கியடித்துப் போயின. ஓரத்துக் கடைகளுக்கு முன்னால் நடப்பதற்கு ஒரு சந்து மட்டும் மிஞ்சியது.

இப்படி மறைக்கப்பட்ட கடைகள் எல்லாம் ஒரே மாதிரி அடி வாங்குவதில்லை. மருந்துக் கடைக்கு ஆள் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவார். பெண்களுக்கான அழகு நிலையம், அதாவது எல்லோரும் பார்லர் என்று சொல்கிற கடை, அந்த ரகம் இல்லை. அங்கே வருவதை நாளைக்குத் தள்ளிப்போடலாம். பக்கத்துத் தெருவில் இன்னொன்றும் இருக்கும். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஸ்கூட்டரில் வருகிறவர்கள். வண்டி நிறுத்த இடமில்லை என்றால் வேகத்தைக் குறைக்காமலே போய்விடுவார்கள். அலுவலகம் முடிந்து ஏழு மணிக்கு மேல் வருகிற கூட்டம்தான் பல பார்லர்களுக்குச் சோறு போடுகிறது. தடுப்புக்கும் கடைக்கும் நடுவில் உள்ள அந்த இருட்டுச் சந்தில் ஏழு மணிக்கு மேல் தனியாக நடக்கப் பெண்கள் விரும்புவதில்லை. போதாக்குறைக்குத் தூசி வேறு. ஆயிரம் ரூபாய் கொடுத்து ஃபேஷியல் செய்துகொண்டு வெளியே வந்த முகத்தில் இரண்டு நிமிடத்தில் சிமென்ட் படிந்தால் அடுத்த மாதம் அந்தப் பக்கம் யார் வருவார்?

ஆனால் வாடகை மட்டும் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வந்துவிடுகிறது. அதனால் ஏதோ ஒரு கட்டத்தில் கடைக்காரர் வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுத உட்காருகிறார். சாலை வேலை முடியும் வரை வாடகையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். இப்படிப்பட்ட கடிதங்களில் பல பதில் இல்லாமல் போகின்றன. சில, எழுதியவருக்கே வினையாக முடிகின்றன. காரணம் பெரும்பாலும் வீட்டுக்காரரின் கல்நெஞ்சாக இருப்பதில்லை. தன்னிடம் என்ன உரிமை இருக்கிறது, என்ன இல்லை என்பது எழுதுகிறவருக்கே தெளிவாக இல்லாததுதான்.

முதலில் சட்டம். வியாபாரம் குறைந்துவிட்டது என்பதற்காக வாடகையைக் குறைக்கச் சொல்லும் உரிமை வாடகைதாரருக்குக் கிடையாது. சொத்து மாற்றுச் சட்டம் 1882-இன் 108-ஆம் பிரிவு ஒரு வழியைத் திறந்துவைத்திருக்கிறது. தீ, புயல், வெள்ளம், கலவரம் போன்ற தடுக்க முடியாத சக்தியால் கட்டடத்தின் முக்கியப் பகுதி அழிந்தாலோ, எந்தக் காரியத்துக்காக வாடகைக்கு எடுக்கப்பட்டதோ அதற்கு நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ, ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறலாம் என்கிறது அது. மெட்ரோ தடுப்பு நிரந்தரம் இல்லை. கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவுமில்லை. அதோடு அந்தப் பிரிவு தருவது வெளியேறும் வழிதான். உள்ளே இருந்துகொண்டே குறைத்துக் கொடுக்கும் வழி அதில் இல்லை. நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு சொல்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நடப்பில் இருக்கும் குத்தகைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது.

கொரோனா ஊரடங்கின்போது இந்தக் கேள்வி மீண்டும் நீதிமன்றத்துக்கு வந்தது. தில்லி கான் மார்க்கெட்டில் செருப்புக் கடை நடத்திய வாடகைதாரர்கள், கடை திறக்கவே முடியாத மாதங்களுக்கு வாடகையை நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டார்கள். 2020 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒப்பந்தத்தில் அதற்கென ஒரு நிபந்தனை இருந்தால் அதன்படி கேட்கலாம். இல்லையென்றால், இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாடகை தர மாட்டேன் என்று சொல்ல முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சுருக்கம். கட்டுவதற்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் மட்டும் கிடைத்தது. அரசே பூட்டச் சொன்ன கடைக்கே இந்த நிலை என்றால், கதவு திறந்திருக்கும் பார்லர் வாசலில் தடுப்பு நிற்பதைக் காட்டி நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் இருவரும் ஒப்பந்தத்தில் பேசிக்கொண்டதே வாடகை என்கிறது. வீடுகளோடு கடைகளுக்கும் இது பொருந்தும். இதில் கடிதம் எழுதுகிறவர் மனதில் வைக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, கேட்டு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டாவிட்டால், காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்தில் மனுப்போட அது ஒரு காரணம். இந்த ஓர் அம்சம் தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ‘கடிதம் போட்டாச்சு, பதில் வரட்டும்’ என்று தாங்களாகவே பாதி வாடகையை அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். நாலு மாதம் பாதி பாதியாகக் கட்டினால் கணக்கில் இரண்டு மாதப் பாக்கி சேர்ந்துவிடும். கருணை கேட்டு எழுதிய கடிதம், பாக்கியை ஒப்புக்கொண்ட கடிதமாக வக்கீல் கையில் போய்ச் சேரும்.

ஆக, இந்தக் கடிதத்தில் உரிமை கோர ஒன்றுமில்லை. வீட்டுக்காரருக்கும் லாபம் இருக்கிற ஒரு ஏற்பாட்டை அவர் முன்னால் வைப்பதுதான் இதன் வேலை. அதற்குக் கடிதத்தின் முதல் வரி எழுதும் முன்பே வேலை தொடங்க வேண்டும், பில் புத்தகத்தில்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ஆற்காடு சாலையில் தரைத்தளத்தில் ஒரு சின்னப் பார்லர். மூன்று நாற்காலி, வேலைக்கு மூன்று பெண்கள். வாடகை 22,000 ரூபாய். அட்வான்ஸ் சென்னை வழக்கப்படி பத்து மாதம், அதாவது 2,20,000. தடுப்பு வருவதற்கு முன் மாத வருமானம் சராசரியாக 1,50,000. தடுப்பு வந்து எட்டு மாதத்தில் சராசரி 95,000.

இந்த இரண்டு எண்களை மட்டும் எழுதி அனுப்பினால் வீட்டுக்காரர் ஒரே வாக்கியத்தில் அதைக் கவிழ்த்துவிடுவார்: “ஆடி மாசம்மா, எல்லாருக்கும்தான் டல்லு.” அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பார்லர் தொழில் முகூர்த்தத்தை நம்பியது. தை, வைகாசி, ஆவணியில் மணப்பெண் அலங்காரமும் அதையொட்டி வருகிற அக்கா தங்கைகளின் ஃபேஷியலுமாகக் கடை நிரம்பும். ஆடியிலும் மார்கழியிலும் நாற்காலி காலியாக இருக்கும். வைகாசியோடு ஆடியை ஒப்பிட்டால் மெட்ரோ இல்லாத தெருவிலும் வியாபாரம் விழுந்த மாதிரிதான் தெரியும். ஆகவே போன வருடத்து அதே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். தீபாவளி ஒரு வருடம் அக்டோபரிலும் மறு வருடம் நவம்பரிலும் வரும் என்பதால் அந்த இரண்டு மாதத்தையும் கூட்டி ஒன்றாக வைப்பது நல்லது. எட்டு மாதத்துக்கு எதிரே போன வருடத்து அதே எட்டு மாதம், இரண்டு பத்தி, ஒரே தாள். வேறு படம், வரைபடம் எதுவும் தேவையில்லை.

அடுத்தது இன்னும் முக்கியம். வருமானத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். போன் செய்து நேரம் வாங்கி வருகிறவர்கள் ஒரு வகை. போகிற போக்கில் ஏறி வருகிறவர்கள் இன்னொரு வகை. நம் மாதிரிப் பார்லரில் முன்பு 1,50,000-இல் 90,000 ஏறி வருகிறவர்களிடமிருந்தும் 60,000 நேரம் வாங்கி வருகிறவர்களிடமிருந்தும் வந்தது. இப்போது முதலாவது 38,000. இரண்டாவது 57,000. நேரம் வாங்கி வருகிறவர்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கிறார்கள். விழுந்ததெல்லாம் வாசலைப் பார்த்து வந்த வியாபாரம். ‘உன் வேலை சரியில்லை, அதனால் ஆள் வரவில்லை’ என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. வேலை கெட்டிருந்தால் முதலில் நின்றிருப்பவர்கள் நேரம் வாங்கி வருகிற பழைய வாடிக்கையாளர்கள்தான்.

இந்தப் பிரிப்பைச் செய்ய பில் புத்தகமே போதும். புருவம் திருத்துவது மட்டும் உள்ள சின்ன பில்களை எண்ணினாலே பாதி தெரிந்துவிடும். ஐப்ரோவுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. தொகை சின்னதுதான், ஆனால் பார்லருக்கு வாடிக்கை உள்ளே நுழையும் வாசல் அதுதான். ஐப்ரோவுக்கு வந்தவர்தான் அடுத்த மாதம் ஃபேஷியலுக்கும், தங்கை கல்யாணத்துக்கு அலங்காரத்துக்கும் வருவார். அந்த பில்கள் மூன்றில் ஒரு பங்காகிவிட்டன என்றால் இன்றைய நஷ்டத்தோடு அடுத்த வருடத்து நஷ்டமும் சேர்ந்தே வருகிறது.

செலவுப் பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு சங்கடமான உண்மை ஒளிந்திருக்கிறது. மூன்று பேர் சம்பளம் 42,000. பொருட்கள் வருமானத்தில் பதினைந்து சதவீதம். மின்சாரம் முன்பு 9,000, இப்போது 8,000. ஏசியும் விளக்கும் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடும். துணி துவைப்பது, தண்ணீர், போன் என்று இதர செலவு 6,500. வாடகையும் போக முன்பு உரிமையாளர் கையில் 48,000 நின்றது. இப்போது நிற்பது 2,250. வாடகையில் ஏழாயிரம் குறைந்தாலும் கையில் 9,250-தான் இருக்கும். வாடகைக் குறைப்பு மட்டும் இந்தக் கடையைக் காப்பாற்றாது. இதை மறைத்து, ‘நீங்கள் குறைத்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்’ என்று எழுதினால் கணக்குத் தெரிந்த வீட்டுக்காரர் நம்ப மாட்டார். தன் பங்குக்குக் கடைக்காரர் என்ன செய்தார் என்பது கடிதத்தில் இருந்தாக வேண்டும். ஒரு பெண்ணை வாரத்தில் நாலு நாள் வீட்டுக்கே போய்ச் செய்துகொடுக்கும் வேலைக்கு மாற்றினாரா? கடை திறக்கும் நேரத்தைக் காலைக்கு நகர்த்தினாரா? தன் சம்பளத்தை விட்டுக்கொடுத்தாரா? இப்படி இரண்டு விஷயமாவது இருந்தால், கேட்கிறவர் கையை நீட்டுவதற்கு முன் தன் பையையும் தடவிப் பார்த்தார் என்று தெரியும்.

எவ்வளவு குறைக்கக் கேட்பது? இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். ‘பாதி’ என்பது வாயில் எளிதாக வருகிற எண். அதற்குக் காரணம் எதுவும் இருக்காது. கணக்கிலிருந்தே எண்ணை எடுத்தால் பேரம் பேசும்போது ஊன்றிக்கொள்ள ஓர் இடம் கிடைக்கும். முன்பு 1,50,000-க்கு 22,000 வாடகை என்பது ஏழில் ஒரு பங்கு. இன்று 95,000-க்கு அதே 22,000 நாலில் ஒரு பங்கைத் தொடுகிறது. பழைய விகிதத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவர 15,000 என்று கேட்கலாம். அது ஆறில் ஒரு பங்குக்கு அருகே வரும், பழைய விகிதத்தைவிடச் சற்றுக் கூடுதல்தான். மாதம் 7,000 சலுகை, ஆறு மாதத்துக்கு 42,000.

‘வேலை முடியும் வரை’ என்று மட்டும் எழுதக் கூடாது. மெட்ரோ வேலை எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது, அது வீட்டுக்காரருக்கும் தெரியும். முடிவில்லாத சலுகைக்கு எந்த மனிதரும் தலையாட்ட மாட்டார். ஆறு மாதம், அல்லது வாசலுக்கு எதிரே உள்ள தடுப்பு எடுக்கப்படும் நாள், இதில் எது முன்னதோ அது என்று எழுதினால் அவருக்கும் ஒரு தேதி கண்ணில் தெரியும். ஆறு மாதம் கழித்துத் தடுப்பு அப்படியே நின்றால் மறுபடி பேசலாம்.

இப்போது கடிதம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பெரியவர், கடைக்காரர் ஏழு வருடமாக அங்கே இருக்கும் பெண் என்று வைத்துக்கொண்டால் அது இப்படி இருக்கலாம்.

“மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம். தங்கள் கட்டடத்தின் தரைத்தளக் கடையில் ஏழு ஆண்டுகளாகப் பார்லர் நடத்தி வருகிறேன். இந்த மாத வாடகை 22,000 ரூபாயை நான்காம் தேதி தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டேன். இதுவரை பாக்கி எதுவும் இல்லை.

“மெட்ரோ பணிக்காக நம் கட்டடத்துக்கு எதிரே தடுப்பு வைத்து எட்டு மாதம் ஆகிறது. வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. பேருந்து நிறுத்தமும் தள்ளிப் போய்விட்டது. போன ஆண்டு இதே எட்டு மாதங்களில் மாதச் சராசரி வருமானம் 1,50,000 ரூபாய். இந்த ஆண்டு 95,000. முன்பதிவு செய்து வருகிறவர்கள் குறையவில்லை. வழியில் பார்த்து வருகிறவர்கள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டார்கள். மாதவாரிக் கணக்கும் வாசலின் புகைப்படங்களும் இணைத்திருக்கிறேன். பில் புத்தகங்களைத் தாங்கள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

“என் பங்கிற்கு வீட்டுக்குச் சென்று செய்யும் சேவையைத் தொடங்கியிருக்கிறேன். கடையைக் காலை எட்டு மணிக்கே திறக்கிறேன். நான்கு மாதமாக எனக்கென்று சம்பளம் எடுக்கவில்லை. இருந்தும் சமாளிக்க முடியவில்லை.

“எனவே அடுத்த ஆறு மாதத்துக்கு, அல்லது வாசல் எதிரே உள்ள தடுப்பு எடுக்கப்படும் வரை, எது முன்னதோ அதுவரை, மாத வாடகையை 15,000 ரூபாயாக வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். முழுத் தொகையையும் தள்ளுபடி செய்வது தங்களுக்குச் சிரமம் என்றால், ஒரு பகுதியைத் தள்ளிவைத்துப் பிறகு தவணையாகக் கட்டவும் தயாராக இருக்கிறேன். தாங்கள் முடிவு சொல்லும் வரை வழக்கமான வாடகையையே செலுத்துவேன். வரும் ஞாயிறு நேரில் வந்து பேச அனுமதி வேண்டுகிறேன்.”

இதில் ஓரிரு இடங்களை உற்றுப் பார்க்கலாம். பாக்கி இல்லை என்பதை முதல் பத்தியிலேயே சொல்லியிருக்கிறார். வாடகை கட்டிய மறுநாள் எழுதும் கடிதத்துக்கும், கட்டாமல் எழுதும் கடிதத்துக்கும் வீட்டுக்காரர் மனதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ‘முடிவு சொல்லும் வரை வழக்கமான வாடகையையே செலுத்துவேன்’ என்ற வரி அவரை நிம்மதிப்படுத்துகிறது. எழுதியவரையும் நோட்டீசிலிருந்து காக்கிறது. கடையைக் காலி செய்துவிடுவேன் என்ற மிரட்டல் எங்கும் இல்லை. அதைச் சொல்லவும் வேண்டியதில்லை, வீட்டுக்காரரே அந்தக் கணக்கைப் போட்டுவிடுவார்.

அவர் கணக்கு என்ன? இந்தப் பெண் போய்விட்டால் 2,20,000 அட்வான்ஸை உடனே எண்ணிவைக்க வேண்டும். பல வீட்டுக்காரர்கள் அதை எப்போதோ பெண் கல்யாணத்துக்கோ மாடி கட்டவோ செலவழித்திருப்பார்கள். தடுப்புக்குப் பின்னால் இருக்கும் கடைக்கு அடுத்த ஆள் வருவது கடினம். வந்தாலும் குறைத்துத்தான் கேட்பார். இரண்டே மாதம் கடை பூட்டிக் கிடந்தால் 44,000 போச்சு. ஆறு மாதச் சலுகை முழுவதும் சேர்ந்தே 42,000-தான். கடைக்காரர் இந்தக் கணக்கைக் கடிதத்தில் எழுதினால் அது மிரட்டலாகப் படும். அவர் மனதில் தானாக ஓடினால் அது கணக்கு.

புகைப்படம் பற்றி ஒரு வார்த்தை. பலர் கடிதம் எழுதும் அன்று பத்துப் படம் எடுத்து இணைப்பார்கள். அதைவிட, மாதம் ஒரு படம், சாலையின் எதிர்ப்பக்கத்தில் ஒரே இடத்திலிருந்து, மாலை ஆறு மணிக்கு என்று எடுத்துவந்தால் எத்தனை மாதமாக வாசல் மறைந்திருக்கிறது என்பதற்குத் தேதியோடு சாட்சி ஆகிவிடும். போக்குவரத்துக் காவல்துறை மாற்றுப்பாதை அறிவிப்பு வெளியிட்டிருந்தால் அந்தச் செய்தித்தாள் துண்டையும் சேர்க்கலாம். தெருவில் மற்ற கடைக்காரர்களும் கஷ்டப்படுகிறார்கள் என்று எழுதுவதால் பெரிதாக லாபமில்லை. அந்தக் கடைகளுக்கு அவர் வீட்டுக்காரர் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். முடியாது என்பது ஒன்று. அதோடு கதை முடிந்தது என்றில்லை. பதினொரு மாத ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் நெருங்கினால், குறைக்காவிட்டாலும் இந்த வருடம் ஏற்றாமல் விடுங்கள் என்று கேட்கலாம். ஐந்து சதவீத ஏற்றத்தை நிறுத்துவதில் மாதம் 1,100 ரூபாய்தான் மிச்சம், ஆனால் ஒரு முறை ஏறிய வாடகை திரும்ப இறங்காது என்பதால் அந்தச் சலுகை பல வருடத்துக்கு ஓடும்.

இரண்டாவது பதில், ‘அட்வான்ஸ்ல கழிச்சுக்கோம்மா’. கேட்கும்போது தாராளமாகத் தெரியும். ஆனால் அது கடைக்காரரின் சொந்தப் பணம். மாதம் ஏழாயிரம் வீதம் ஆறு மாதம் கழித்தால் அட்வான்ஸ் 1,78,000 ஆகிவிடும். நாளை காலி செய்யும்போது கைக்கு வருவது அவ்வளவுதான். கையில் பணமே இல்லாத மாதத்துக்கு இது உதவும். சலுகை என்று இதை எண்ணிக்கொள்ளக் கூடாது. போகப் போக ‘அட்வான்ஸ் குறைஞ்சு போச்சு, நிரப்பு’ என்ற பேச்சும் வரலாம்.

மூன்றாவது பதில்தான் ஆபத்தானது: ‘சரி சரி, பார்த்துக்கலாம், இப்போதைக்கு முடிஞ்சதைக் கொடும்மா.’ நல்ல மனசோடுதான் சொல்வார். ஆனால் கொடுக்காமல் விட்ட ஏழாயிரம் தள்ளுபடியா, பாக்கியா? அவர் நினைப்பில் அது பாக்கி, கடைக்காரர் நினைப்பில் தள்ளுபடி. இரண்டு வருடம் கழித்து அவருடைய மகன் கணக்குப் பார்க்க வரும்போதுதான் இந்த வித்தியாசம் வெளியே வரும். அதைவிடச் சிக்கல் இன்னொன்று உண்டு. வாடகை ஒப்பந்தம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்டதாக இருந்தால், அதன் நிபந்தனையைப் பிறகு வாய்ப்பேச்சில் மாற்றிக்கொண்டோம் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கச் சாட்சியச் சட்டம் இடம் தருவதில்லை. பெரியவர் நூறு பேர் முன்னால் சொல்லியிருந்தாலும் தாளில் 22,000 என்று இருப்பதுதான் நிற்கும்.

ஆகவே பேச்சு முடிந்ததும் எழுத்து. நம் உதாரணத்தில் ஒரு வழியாக இப்படி முடிந்தது என்று வைத்துக்கொள்வோம்: மாதம் 15,000 கட்டினால் போதும், மிச்சம் 7,000-இல் 4,000 தள்ளுபடி, 3,000 தள்ளிவைப்பு. ஆறு மாதத்தில் வீட்டுக்காரர் நிஜமாக விட்டுக்கொடுப்பது 24,000, ஒரு மாத வாடகைக்குக் கொஞ்சம் மேல். தள்ளிவைத்த 18,000-ஐத் தடுப்பு எடுத்த பிறகு மாதம் 1,500 வீதம் பன்னிரண்டு தவணையில் கட்ட வேண்டும். இதை ஒரு துணை ஒப்பந்தமாக, அசல் ஒப்பந்தத்தின் தேதியைக் குறிப்பிட்டு, இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளோடு எழுதிக்கொள்ள வேண்டும். அசல் பதிவு செய்யப்பட்டது என்றால் இதையும் பதிவு செய்வதே பாதுகாப்பு. ‘தள்ளுபடி’, ‘தள்ளிவைப்பு’ என்ற இரண்டு சொற்களும் தொகையோடு தனித்தனியாக வர வேண்டும். கட்டிடம் இருவர் பெயரில் இருந்தால், அதாவது பெரியவரும் மனைவியும் கூட்டுச் சொந்தக்காரர்கள் என்றால், இரண்டு கையெழுத்தும் வேண்டும். இதை மறப்பவர்கள் நிறையப் பேர்.

மாதாமாதம் பணம் அனுப்பும்போது யுபிஐ குறிப்பில் ‘ஆகஸ்ட் வாடகை, துணை ஒப்பந்தப்படி’ என்று இரண்டு சொல் சேர்த்துவிட்டால் பின்னால் யாரும் பாக்கி என்று வாதாட இடமிருக்காது. வீட்டுக்காரர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவராக இருந்தால் குறைந்த தொகைக்கே பில் போடச் சொல்ல வேண்டும். 22,000-க்குப் பில் போட்டுவிட்டு 15,000 வாங்கினால் வரியை அவர் 22,000-க்குக் கட்ட வேண்டியிருக்கும். ஏற்கெனவே பில் போட்ட மாதத்துக்குத் தள்ளுபடி தந்திருந்தால் அதற்கு அவர் தனியாக வரவுக் குறிப்பு எழுத வேண்டும்.

தடுப்பு எடுத்த நாள் எது என்பதிலும் தகராறு வரும். மெட்ரோக்காரர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. முதலில் தகரத்தை நகர்த்துவார்கள், பிறகு பள்ளத்தை மூடுவார்கள், தார் போடச் சில வாரம் ஆகும், நடைபாதை கடைசியில் வரும். பேருந்து நிறுத்தம் பழைய இடத்துக்குத் திரும்ப இன்னும் நாள் பிடிக்கலாம். எந்த நிலை வந்தால் பழைய வாடகை திரும்பும் என்று துணை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்க வேண்டும். கடை வாசலுக்கு நேரே இருசக்கர வண்டி நிறுத்தும் அளவுக்கு இடம் திறந்து, தார் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் என்று வைத்துக்கொள்வது பார்லருக்குப் பொருந்தும். போன வாடிக்கை திரும்பி வர எப்படியும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும் என்பதால், தள்ளிவைத்த தொகையின் முதல் தவணையை அதற்கும் பிறகு தொடங்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.